அப்டேட்டுக்குப் பிறகு கைரேகை எடுக்கவில்லையா? கடையில் தினமும் கேட்கும் கேள்விகள்

மொபைல் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, எந்த கம்பெனி எப்போது அப்டேட் விட்டிருக்கிறது என்பது செய்தி படிக்காமலே தெரிந்துவிடும். அன்று காலை கடை திறக்கும்போதே நாலு பேர் போனும் கையுமாக நிற்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் ஒருமுறை எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

ராத்திரி அப்டேட் ஆச்சு. காலையில விரல் வெச்சா "பின் போடு"ன்னு கேட்குது. போன் கெட்டுப்போச்சா?

இல்லை. அப்டேட் முடிந்ததும் போன் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். ரீஸ்டார்ட் ஆன எந்த போனும், ஆண்ட்ராய்டோ ஐபோனோ, முதல் தடவை பின் அல்லது பேட்டர்ன் அல்லது பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். விரலையும் முகத்தையும் அந்த ஒரு தடவை ஏற்காது.

காரணம் இதுதான். போனுக்குள் இருக்கும் படம், மெசேஜ் எல்லாம் பூட்டிய நிலையில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பூட்டின் சாவியை உருவாக்க உங்கள் பின்னும் ஒரு கூட்டுப்பொருள். விரல்ரேகையிலிருந்து அந்தச் சாவியை உருவாக்க முடியாது, ஏனென்றால் விரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி படும். ஒருமுறை பின் போட்டபின் சாவி போனின் நினைவில் நிற்கும்; அதற்கப்புறம்தான் விரலுக்கு வேலை. நீங்கள் பின் போடாதவரை காலை அலாரம் அடிக்கும், அழைப்பு வரும், ஆனால் அழைப்பவரின் பெயர் வராமல் வெறும் எண் மட்டும் வரும். தொடர்புப் பட்டியலும் பூட்டுக்குள்தான் இருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து ஓடி வந்தவர்களும் உண்டு.

அன்னைக்கு பின் போட்டுத் திறந்துட்டேன். ஆனா மூணு நாளைக்கு ஒருதரம் மறுபடி கேட்குதே?

அதுவும் கோளாறு இல்லை. ஆண்ட்ராய்டில் கடைசியாக பின் போட்டு 72 மணி நேரம் ஆனால் விரல் நின்றுவிடும். பின் போட்டதும் திரும்ப வரும். ஐபோனில் 48 மணி நேரம் போனைத் திறக்கவே இல்லை என்றால் கேட்கும். ஆறரை நாளாக பாஸ்கோடு போடாமல், கடைசி நாலு மணி நேரத்தில் முகத்தாலும் திறக்காமல் இருந்தாலும் கேட்கும்.

மூன்று நாள் தொடாமல் வைத்த போன் தானாகவே ரீஸ்டார்ட் ஆவதும் இப்போது உண்டு. ஐபோனில் ஐஓஎஸ் 18 காலத்தில் வந்தது, ஆண்ட்ராய்டில் 2025 ஏப்ரலில் கூகுள் பிளே சர்வீசஸ் வழியாக வந்தது. ஊருக்குப் போகும்போது வீட்டில் விட்டுப்போன இரண்டாவது போன் பின் கேட்டபடி கிடப்பது அதனால்தான். திருடு போன போனை யாரும் வாரக்கணக்கில் வைத்துக் குடையக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நீங்கள் பின்னை மறந்துவிடாமல் இருக்கவும் அது உதவுகிறது.

பின் போட்டும் விரலை எடுக்க மாட்டேங்குது. பத்து தடவை வெச்சா ஒரு தடவை எடுக்குது. அப்டேட்டுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தது.

முதலில், பத்து தடவை வைக்காதீர்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஐந்து தடவை தவறினால் 30 விநாடி பூட்டிக்கொள்ளும். அப்படியே தொடர்ந்தால் பின் போடும்வரை விரலே செல்லாது. ஐபோனில் ஐந்து தவறினாலே பாஸ்கோடுதான். இரண்டு தடவை வையுங்கள், எடுக்கவில்லையா, பின் போட்டு வேலையைப் பாருங்கள்.

திரைக்குள் சென்சார் இருக்கும் போன் என்றால் நான் முதலில் பார்ப்பது டெம்பர்டு கிளாஸைத்தான். விரலைப் படிக்கும் மென்பொருள் அப்டேட்டில் மாறும்போது, இதுவரை தட்டுத்தடுமாறி ஒத்துழைத்த கிளாஸ் இனி ஒத்துழைக்காமல் போகலாம். 2019இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10இல் இதன் தலைகீழ் நடந்தது. சில சிலிக்கான் கவர்களைத் திரைமேல் போட்டால், யார் விரல் வைத்தாலும் திறந்தது. அந்த ஒலியலை சென்சார் கவரின் உட்பக்கக் கோலத்தையே ரேகை என்று எடுத்துக்கொண்டிருந்தது. அக்டோபரில் சாம்சங் அப்டேட் விட்டு, கவரைக் கழற்றுங்கள், பழைய ரேகைகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள் என்று சொன்னது. ஆக, அப்டேட்டுக்குப் பின் விரல் எடுக்காமல் போவது சில சமயம் சென்சார் கண்டிப்பானதற்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது: விரலையும் திரையையும் உலரத் துடையுங்கள். கிளாஸ் ஒட்டியிருந்தால் செட்டிங்ஸில் Touch sensitivity அல்லது Screen protector mode என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் Check added fingerprints என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு விரல் வைத்தால், பதிந்த ரேகையோடு பொருந்துகிறதா என்று எதையும் அழிக்காமலே சொல்லிவிடும். அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவது கடைசி வழி. அதற்கு முன் கீழே பேங்க் ஆப் பற்றிய பதிலைப் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு தொல்லையை நீக்கப் போய் நாலு தொல்லை வரும்.

எனக்குக் கொத்து வேலை. ரேகையே தேஞ்சுபோச்சு. எந்த போன்லயும் நிக்க மாட்டேங்குது.

சிமென்ட், சுண்ணாம்பு, சலவைத்தூள் புழங்கும் கைகளில் இது சகஜம். வேலை செய்யாத கையின் மோதிர விரலைப் பதிந்து பாருங்கள், அது குறைவாகத் தேய்ந்திருக்கும். ஒரே விரலை இரண்டு தடவை தனித்தனியாகப் பதிவதும் பல போன்களில் நடக்கும். சில போன்கள் முன்பே பதிந்த விரல் என்று மறுத்துவிடும். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஆறு இலக்க பின் போட்டுப் பழகுவதே நிம்மதி.

செட்டிங்ஸ்லயே கைரேகைன்னு ஒண்ணு காணோம். அப்டேட் அழிச்சுடுச்சா?

வரியே காணாமல் போனால், மென்பொருள் சென்சாரைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். வரவில்லை என்றால் இந்த போனுக்கு எப்போதாவது டிஸ்பிளே மாற்றினீர்களா என்று யோசியுங்கள். திரைக்குள் இருக்கும் சென்சாரைப் புது டிஸ்பிளேயோடு சேர்த்து கேலிபிரேட் செய்ய வேண்டும். அதைச் செய்யாமலோ, மாற்று டிஸ்பிளே போட்டோ அனுப்பிய போன்கள் அப்டேட்டில்தான் மாட்டிக்கொள்ளும். இதற்கு வீட்டில் மருந்து கிடையாது. டிஸ்பிளே மாற்றாத போன் என்றால் அடுத்த சிறு அப்டேட்வரை காத்திருந்து பாருங்கள். அதுவரை பின் போதும். அதனால் பாதுகாப்பு ஒன்றும் குறையாது.

போன் விரலால திறக்குது. பேங்க் ஆப் மட்டும் விரலை ஏத்துக்காம பாஸ்வேர்டு கேட்குது. ஏன் இப்படி?

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். பலர் நினைப்பது: "என் ரேகை பேங்க்கில் இருக்கிறது, பேங்க் சரிபார்க்கிறது." அப்படி இல்லை. உங்கள் ரேகை போனை விட்டு வெளியே போவதே இல்லை. பேங்க் ஆப்பில் முதன்முதலில் "கைரேகையால் உள்நுழைய" என்று ஆன் செய்தபோது நடந்தது இதுதான்: போனின் பாதுகாப்புப் பகுதியில் ஆப்புக்கென்று ஒரு சாவி உருவானது. விரல் பொருந்தினால் போன் அந்தச் சாவியை எடுத்து ஆப்புக்குப் பயன்படுத்த விடும். பேங்க் பார்ப்பது சாவியைத்தான், விரலை அல்ல.

அந்தச் சாவியில் போனின் ஆண்ட்ராய்டு பதிப்பும் பாதுகாப்பு அப்டேட்டின் மாதமும் முத்திரை போல் பதிந்திருக்கும். பழைய ஓட்டை உள்ள பதிப்புக்கு போனைப் பின்னுக்குத் தள்ளி யாரும் சாவியைத் திருடக்கூடாது என்பதற்காக. அப்டேட் ஆனதும் முத்திரையைப் புதுப்பிக்கும் வேலை சத்தமில்லாமல் நடந்துவிடும். எப்போதாவது அது தவறினாலோ, ஆப்பே புதிய பதிப்பில் "எதற்கும் ஒருமுறை பாஸ்வேர்டு கேட்போம்" என்று எழுதப்பட்டிருந்தாலோ, சாவி செல்லாததாகிவிடும். பாஸ்வேர்டோ எம்பின்னோ போட்டு உள்ளே போய், ஆப்பின் செட்டிங்ஸில் கைரேகையை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் புதிய சாவி உருவாகும். அவ்வளவுதான் வேலை.

அப்டேட்டுக்கு அப்புறம் பழைய ரேகையை அழிச்சுட்டுப் புதுசா பதிஞ்சேன். அதுல இருந்து எல்லா ஆப்பும் பாஸ்வேர்டு கேட்குது!

இது அப்டேட்டின் வேலை இல்லை, நீங்கள் செய்ததுதான். போனில் புதிதாக ஒரு விரல் பதிந்தால், பேங்க் ஆப் வகையறாக்களின் சாவிகளை ஆண்ட்ராய்டு நிரந்தரமாக ரத்து செய்துவிடும். பழையதை அழிக்காமல் கூடுதலாக ஒரு விரல் சேர்த்தாலும் இதேதான். ஐபோனிலும் முகமோ விரலோ மாற்றிப் பதியப்பட்டதை ஆப் கண்டுபிடித்துப் பாஸ்வேர்டு கேட்கும்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். உங்கள் போன் பின் தெரிந்த ஒருவர், நீங்கள் தூங்கும்போது தன் விரலைச் சேர்த்துவிட்டால், அடுத்த நிமிடம் உங்கள் வங்கிக் கணக்குக்குள் இருப்பார். அதைத் தடுக்கத்தான் இந்த ரத்து. நீங்கள் எதையும் பதியாமல் ஆப் "கைரேகை மாற்றப்பட்டுள்ளது" என்று சொன்னால், செட்டிங்ஸில் எத்தனை விரல் பதிந்திருக்கிறது என்று உடனே எண்ணிப் பாருங்கள்.

போன் பின்னை மட்டும் மாற்றினால் இந்தச் சாவிகளுக்கு ஒன்றும் ஆகாது, ரேகைகளும் அப்படியே இருக்கும். அதனால் பின்னை மாற்றத் தயங்க வேண்டியதில்லை.

அப்ப ஸ்கிரீன் லாக்கையே எடுத்துட்டு மறுபடி போட்டா எல்லாம் ஃப்ரெஷ்ஷா சரியாயிடும்ல?

வேண்டவே வேண்டாம். லாக்கை எடுத்தால் பதிந்த ரேகை, முகம் எல்லாம் அழியும், எல்லா ஆப்புகளின் சாவிகளும் ஒரே வீச்சில் போகும். சில பணப் பரிமாற்ற ஆப்கள் லாக் இல்லாத போனில் திறக்கவே மறுக்கும். யூடியூபில் இதை முதல் டிப்ஸாகச் சொல்கிறார்கள், எனக்கு வியாபாரம்தான் பெருகுகிறது.

முகம் காட்டினா போன் திறக்குது. ஆனா பேங்க் ஆப்ல முகம்ங்கிற ஆப்ஷனே வரலை. அப்டேட் எடுத்துடுச்சா?

முன்பு வந்துகொண்டிருந்ததா என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் வந்திருக்காது. ஆண்ட்ராய்டு முகத்தையும் விரலையும் மூன்று தரமாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் தரத்துக்குப் போனைத் திறக்க மட்டும் உரிமை. இரண்டாம் தரத்தை ஆப்கள் கேட்கலாம், ஆனால் மேலே சொன்ன சாவியைத் தொட முடியாது. மூன்றாம் தரத்துக்குத்தான் சாவி கிடைக்கும். முன்பக்கக் கேமராவை மட்டும் வைத்து முகம் பார்க்கும் போன்களில் பெரும்பாலானவை மூன்றாம் தரத்தை எட்டுவதில்லை. கூகுளின் பிக்சல் 7இல் முகம் போனைத் திறக்க மட்டும்தான்; 2023இல் வந்த பிக்சல் 8இல்தான் அது பணம் செலுத்தும் ஆப்வரை போனது. ஐபோனின் ஃபேஸ் ஐடி முகத்தின் ஆழத்தையும் அளப்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

ஆதார் சென்டர்ல போய் ரேகையைப் புதுப்பிச்சா போன்ல எடுக்குமா தம்பி?

எடுக்காது அம்மா. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரேஷன் கடையில் விரல் பதியவில்லை என்றால்தான் ஆதார் மையம். போனில் உள்ள ரேகை போனுக்குள்ளேயே பிறந்து போனுக்குள்ளேயே இருப்பது.

"பின் போடு"ன்னா எந்த பின்னு? எனக்கு நாலு பின் இருக்கு, எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன்.

போன மாதம் முதல் தேதி ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். பென்ஷன் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இரவு அப்டேட் ஆகி, விரல் சரியாக எடுக்கவில்லை என்று பேரன் பழைய ரேகையை அழித்துப் புதிதாகப் பதிந்து கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போய்விட்டான். போன் அழகாகத் திறந்தது. பேங்க் ஆப் மட்டும் "Enter MPIN" என்று நின்றது. டீச்சர் போன் பின்னைப் போட்டார். தவறு. ஏடிஎம் பின்னைப் போட்டார். தவறு. யுபிஐ பின்னைப் போட்டார். மூன்றாவது தவறோடு ஆப் ஒரு நாளைக்குப் பூட்டிக்கொண்டது. இரண்டு வருடமாக விரலாலேயே நுழைந்தவருக்கு எம்பின் என்று ஒன்று தான் வைத்ததே ஞாபகத்தில் இல்லை.

அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை இங்கேயும் சொல்கிறேன். கறுப்புத் திரையோ உங்கள் வால்பேப்பரோ பின்னணியில் இருந்தால் கேட்பது போன் பின். பேங்க்கின் பெயரும் நிறமும் தெரிந்து, உள்ளே நுழையும் முன்பே கேட்டால் அது அந்த ஆப்பின் எம்பின். உள்ளே போன பிறகு, தொகை போட்டு அனுப்பும் நேரத்தில், மேலே பேங்க் பெயரும் தொகையும் தெரிய ஒரு தனிப் பக்கம் கேட்டால் அது யுபிஐ பின். ஏடிஎம் பின் மெஷினிலும், கார்டு தேய்க்கும் கருவியிலும், சில ஆன்லைன் கார்டு பக்கங்களிலும்தான் வரும். யுபிஐ ஆப்கள் சில, திறக்கும்போது போனின் பூட்டையே பயன்படுத்தும். அங்கே போன் பின்தான். டீச்சர் மறுநாள் வந்து, ஆப்பிலேயே இருந்த "Forgot MPIN" வழியாக டெபிட் கார்டு விவரமும் ஓடிபியும் போட்டுப் புது எம்பின் வைத்தார். மொத்தம் ஐந்து நிமிடம்.

யூகித்துப் போடுவதில் ஒரு நியதி வைத்துக்கொள்ளுங்கள்: நிச்சயமாகத் தெரிந்தால் ஒருமுறை, விரல் தவறிப் பட்டிருக்கும் என்று தோன்றினால் இன்னொருமுறை. மூன்றாவது வேண்டாம், அங்கேயே "Forgot" பக்கம் போய்விடுங்கள்.

பாஸ்வேர்டு சுத்தமா மறந்துபோச்சு. ஆப்பை அழிச்சுட்டு மறுபடி போடட்டுமா?

அழித்தால் மறந்த பாஸ்வேர்டு ஞாபகம் வராது. போனும் சிம்மும் இணைந்த பதிவும் போய், மறுபடி எஸ்எம்எஸ் அனுப்பிப் பதிய வேண்டியிருக்கும். அந்த சிம்மில் பேலன்ஸ் இல்லை என்றால் அதுவும் நின்றுவிடும். போனை ரீசெட் செய்வது அதைவிட மோசம்.

முதலில் பாஸ்வேர்டு எங்காவது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் கூகுளின் Password Manager, ஐபோனில் Passwords. போன் பின் போட்டால் திறக்கும். அங்கே இல்லை என்றால் ஆப்பின் ஐகானைத் தொட்டுத் திறந்து, அதற்குள் இருக்கும் "Forgot" வழியாகப் போங்கள். மெசேஜில் வந்த லிங்க் வழியாக ஒருபோதும் போகாதீர்கள். யுபிஐ பின் என்றால் டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும், அல்லது ஆதார் ஓடிபியும் கேட்கும். கார்டு எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துவைத்துவிட்டு ஆரம்பியுங்கள், ஓடிபி வந்தபின் பீரோவைத் துழாவிக்கொண்டிருந்தால் நேரம் முடிந்துவிடும்.

கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் எடுத்துப் பேசினேன். ஸ்கிரீன் ஷேர் ஆப் ஒண்ணு போடச் சொல்றாங்க. போடலாமா?

உடனே வைத்துவிடுங்கள். விரல் வேலை செய்யாத அந்த அரை மணி நேரம்தான் நீங்கள் பின்னையும் பாஸ்வேர்டையும் விசையில் அடிக்கப்போகிற நேரம். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தேடலில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். டெபிட் கார்டின் பின்பக்கத்திலும் பாஸ்புக்கிலும் அச்சாகியிருக்கும் எண்ணே போதும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள்.

இன்னொன்று. கடையில் என்னிடம் போனைக் கொடுக்கும்போதும் பின்னைச் சொல்லாதீர்கள். நீங்களே போட்டுத் திறந்து கொடுங்கள். "நம்ம தம்பிதானே" என்று கடை முழுக்கக் கேட்க நாலு இலக்கத்தைக் கூவுகிறவர்களை என்ன சொல்வது.

அப்டேட்டே ஆகலை. ரீஸ்டார்ட்டும் ஆகலை. திடீர்னு விரலை விட்டுட்டு எப்பவும் பின்னே கேட்குது.

இதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். 72 மணி நேரக் கணக்கு இரண்டாவது பதிலில் இருக்கிறது, அதுவா என்று பாருங்கள். அதற்கு ஒருமுறை பின் போட்டால் விரல் திரும்ப வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பின்னே கேட்டால் சந்தேகப்படுங்கள்.

2023 டிசம்பரில் த்ரெட்ஃபேப்ரிக் என்ற பாதுகாப்பு நிறுவனம், கமீலியன் என்ற வங்கித் திருட்டு ஆப்பின் புதிய வடிவத்தைப் பற்றி எழுதியது. அது விரல்பூட்டை உடைக்கவில்லை. விரலைச் செயல்படாமல் செய்து, உரியவரையே பின் போட வைத்தது. ரேகையைத் திருட முடியாது. ஆனால் அடிக்கிற பின்னைத் திருடலாம், பிறகு அதே பின்னை வைத்துப் போனைத் தானே திறந்துகொள்ளலாம். இதற்கு அது பிடித்த வழி, பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு உதவ ஏற்படுத்தப்பட்ட Accessibility அனுமதி. ஆண்ட்ராய்டு 13 இந்த அனுமதியை வெளியிலிருந்து போட்ட ஆப்களுக்கு எளிதில் தருவதில்லை என்பதால், அதை எப்படி ஆன் செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் ஒரு பக்கத்தையும் அதுவே காட்டியது.

ஆகவே செட்டிங்ஸில் Accessibility போய், Installed apps அல்லது Downloaded apps பட்டியலைப் பாருங்கள். நீங்கள் அறியாத பெயர் ஆன் ஆகி இருந்தால் அதுதான் குற்றவாளி. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், கேஒய்சி என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே எதையாவது சமீபத்தில் போட்டீர்களா என்றும் யோசியுங்கள். அந்த போனில் இனி எம்பின், யுபிஐ பின் எதையும் அடிக்காதீர்கள். நெட்டை அணைத்து, சேஃப் மோடில் திறந்து அந்த ஆப்பை நீக்கச் சொல்லுங்கள். பேங்க் பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள், பேங்க்குக்கும் சொல்லிவிடுங்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும், முக்கியமானதைக் காப்பி எடுத்துக்கொண்டு போனை ரீசெட் செய்யச் சொல்வேன்.

போன் பின்னே மறந்துபோச்சு. விரலும் எடுக்கலை. கடையில திறந்து தருவீங்களா?

உள்ளிருப்பதை இழக்காமல் திறக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது, நான் உட்பட. முதல் பதிலில் சொன்ன கூட்டுப்பொருள் உங்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களை அழித்துத்தான் எடுக்க வேண்டும். அழித்தபின் முன்பிருந்த கூகுள் கணக்கையோ பழைய பூட்டையோ கேட்கும். ஐபோனில் ஒரு சின்ன வாசல் உண்டு: ஐஓஎஸ் 17 முதல், பாஸ்கோடை மாற்றி 72 மணி நேரத்துக்குள் புதியது மறந்துபோனால், Forgot Passcode போய்ப் பழையதைப் போட்டு நுழையலாம். மாற்றியே இருக்கவில்லை என்றால் அந்த வாசல் இல்லை.

ஐபோன். முகம் எடுக்கலை, சரி பாஸ்கோடு போடலாம்னா அந்த ஆப்ஷனையே காட்டலை. ஊர்ல இல்ல, வெளியூர்ல இருக்கேன்.

வெளியூர் என்பதுதான் விஷயம். ஐஓஎஸ் 17.3இல் Stolen Device Protection வந்தது. அது ஆன் ஆகி இருந்தால், வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடங்களுக்கு வெளியே இருக்கும்போது, சேமித்த பாஸ்வேர்டுகளைப் பார்ப்பது போன்ற சில காரியங்களுக்கு முகமோ விரலோ மட்டும்தான் செல்லும். பாஸ்கோடு மாற்றுவழியே கிடையாது. ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுவதென்றால் ஒரு மணி நேரம் காத்திருந்து இரண்டாவது தடவையும் முகம் காட்ட வேண்டும். பாஸ்கோடை எட்டிப்பார்த்துவிட்டுப் போனைப் பறிப்பவனுக்காக வைத்த பொறி, முகம் எடுக்காத அப்டேட் நாளில் உரியவரையே பிடித்துவிடுகிறது.

போனைத் திறக்கப் பாஸ்கோடு வழக்கம்போல் செல்லும், பேசலாம், மெசேஜ் பார்க்கலாம். மற்றதற்கு வீடு திரும்பும்வரை பொறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் Settings > Face ID & Passcode போய், Reset Face ID செய்து முகத்தைப் புதிதாகப் பதியுங்கள். கேமராப் பகுதியை மறைக்கும் கவர், கிளாஸ் ஏதும் இருந்தால் அதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

அம்மா போன்ல என் விரலையும் பதிஞ்சு வெச்சா, இந்தத் தொல்லையே இருக்காதுல்ல?

போனுக்கு அம்மா விரல், உங்கள் விரல் என்ற பேதம் தெரியாது. பதிந்த எல்லா விரலும் ஒன்றுதான்; உங்கள் விரலால் அம்மாவின் பேங்க் ஆப்பும் திறக்கும். பதிந்த அன்றே, முன்பு சொன்னபடி, அவருடைய ஆப்கள் எல்லாம் ஒருமுறை பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆன காலையில் உங்கள் விரலும் செல்லாது, அம்மாவின் பின்தான் வேண்டும்.

நான் என் அம்மாவுக்குச் செய்திருப்பது வேறு. அவருடைய இரண்டு கைக் கட்டைவிரலையும் பதிந்திருக்கிறேன். போன் பின்னையும் எம்பின்னையும் அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறார். யுபிஐ பின்னை அதில் எழுதவில்லை, அதைத்தான் அவர் தினமும் பால்காரருக்கு அனுப்பும்போது அடித்துக்கொண்டிருக்கிறாரே.